45 டிகிரி ஏன் தவறான விடை: குண்டு எறிதலில் விடுபடும் கோணமும் வேகமும், கணக்கோடு ஒரு முழு வழிகாட்டி

மேல்நிலை உடற்கல்வித் தேர்வில் "எறிதல் போட்டிகளில் சிறந்த கோணம் எது?" என்று கேட்டால் பாதிப் பேர் 45 டிகிரி என்று எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுகிறார்கள். இயற்பியல் வகுப்பில் அப்படித்தான் படித்தோம், சரிதானே என்று தோன்றும். ஆனால் நல்ல குண்டு எறிபவர்களின் வீடியோவை எடுத்து அளந்து பார்த்தால் 45 டிகிரி கிட்டத்தட்ட யாரிடமும் இல்லை, பெரும்பாலும் 31 முதல் 38 டிகிரிக்குள்தான் இருக்கிறது. அவர்கள் எல்லாரும் தவறாக எறியவில்லை. 45 என்ற விடைக்குள் இரண்டு அனுமானங்கள் ஒளிந்திருக்கின்றன, குண்டு எறிதலில் அந்த இரண்டுமே பொருந்தாது. அவை எவை என்று தெரிந்துகொண்டால் இந்தப் பாடம் முழுக்க அங்கிருந்தே அவிழ்ந்துவிடும்.

வட்டிலும் ஈட்டியிலும் காற்று பெரிய வேலை செய்கிறது, அதனால் கணக்கு சிக்கலாகிவிடும். குண்டு கனமானது, சிறியது, அதன் மீது காற்றின் பாதிப்பு மிகக் குறைவு. ஆகவே குண்டை வைத்தே முழுவதையும் புரிந்துகொள்வோம், மற்றவற்றைக் கடைசியில் தொட்டுக்கொள்ளலாம்.

முதல் படி: கையை விட்ட பிறகு என்ன மிச்சம் இருக்கிறது

குண்டு விரலை விட்டுப் பிரியும் அந்தக் கணத்தில் மூன்று விஷயங்கள் முடிவாகிவிடுகின்றன. எவ்வளவு வேகத்தில் கிளம்பியது, கிடைத்தளத்தோடு எந்தக் கோணத்தில் கிளம்பியது, தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் கிளம்பியது. இவற்றை விடுபடும் வேகம், விடுபடும் கோணம், விடுபடும் உயரம் என்று சொல்வோம். அதற்குப் பிறகு எறிபவர் காலை மாற்றினாலும் கத்தினாலும் குண்டின் பாதை மாறாது. புவியீர்ப்பு மட்டும்தான் அதன் மீது வேலை செய்யும்.

குண்டின் எடை இந்த மூன்றில் இல்லை என்பதைக் கவனியுங்கள். ஆண்களுக்கு 7.26 கிலோ, பெண்களுக்கு 4 கிலோ என்றாலும், ஒரே வேகம், ஒரே கோணம், ஒரே உயரம் என்றால் இரண்டும் ஒரே இடத்தில்தான் விழும். எடை வேலை செய்வது கையில் இருக்கும்போது: கனமான குண்டை அதே வேகத்துக்குக் கொண்டுவருவது கடினம், அவ்வளவுதான். "எடை அதிகமானால் பறக்கும் தூரம் குறையும்" என்று மொட்டையாக எழுதினால் மதிப்பெண் போகும். எடை விடுபடும் வேகத்தைக் குறைக்கிறது, அதனால் தூரம் குறைகிறது என்று எழுத வேண்டும்.

இரண்டாம் படி: ஒரு எறிதலைக் கையால் கணக்கிட்டுப் பார்ப்போம்

ஒரு மாணவர் குண்டை விநாடிக்கு 10 மீட்டர் வேகத்தில், 40 டிகிரி கோணத்தில், 2 மீட்டர் உயரத்திலிருந்து விடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். புவியீர்ப்பு முடுக்கம் 9.8.

முதலில் வேகத்தை இரண்டாகப் பிரிக்க வேண்டும். முன்னோக்கிய பங்கு 10 × கொசைன் 40°, அதாவது 7.66. மேல்நோக்கிய பங்கு 10 × சைன் 40°, அதாவது 6.43. இந்த இரண்டும் ஒன்றின் வேலையில் மற்றொன்று தலையிடுவதில்லை. மேல்நோக்கிய பங்கு குண்டு எவ்வளவு நேரம் காற்றில் இருக்கும் என்பதை முடிவு செய்கிறது, முன்னோக்கிய பங்கு அந்த நேரத்தில் எவ்வளவு தூரம் போகும் என்பதை முடிவு செய்கிறது.

மேலே ஏறும் நேரம்: 6.43-ஐ 9.8-ஆல் வகுத்தால் 0.656 விநாடி. அந்த நேரத்தில் ஏறும் உயரம் 6.43-இன் வர்க்கத்தை 19.6-ஆல் வகுத்தால் வரும், 2.11 மீட்டர். ஏற்கனவே 2 மீட்டரில் இருந்துதான் கிளம்பியது, ஆகவே உச்சியில் குண்டு தரையிலிருந்து 4.11 மீட்டரில் இருக்கும். அங்கிருந்து தரைக்கு விழ 0.916 விநாடி ஆகும் (4.11-ஐ இரட்டித்து, 9.8-ஆல் வகுத்து, வர்க்கமூலம் எடுங்கள்). மொத்தம் 1.572 விநாடி. அதை 7.66-ஆல் பெருக்கினால் 12.04 மீட்டர்.

ஏறும் நேரத்தைவிட இறங்கும் நேரம் அதிகம் என்பது கண்ணில் பட்டதா? பாதை சமச்சீராக இல்லை, கிளம்பிய இடத்தைவிடக் கீழே போய் விழுகிறது. 45 டிகிரி விடை உடைவது இங்கேதான். தூரத்தை R, விடுபடும் வேகத்தை v, கோணத்தை θ, உயரத்தை h, புவியீர்ப்பு முடுக்கத்தை g என்று வைத்து எல்லாவற்றையும் ஒரே வரியில் எழுதினால் சூத்திரம் இது:

```
R = (v cosθ / g) × ( v sinθ + √(v² sin²θ + 2gh) )
```

இதை மனப்பாடம் செய்யச் சொல்லமாட்டேன். மேலே செய்த மாதிரி படிப்படியாகப் போனால் எந்த எண் எங்கிருந்து வருகிறது என்று தெரியும், தேர்வில் மறந்தாலும் திரும்ப உருவாக்கிக்கொள்ளலாம்.

மூன்றாம் படி: உயரம் கோணத்தை எப்படிக் கீழே இழுக்கிறது

45 டிகிரி எப்போது சரி? கிளம்பும் உயரமும் விழும் உயரமும் ஒன்றாக இருக்கும்போது. முதல் அனுமானம் அதுதான். குண்டோ தோளுக்கு மேலிருந்து கிளம்பித் தரையில் விழுகிறது. அந்த 2 மீட்டர் உயரத்தால் காற்றில் இருக்கும் நேரம் கொஞ்சம் இலவசமாகவே கிடைத்துவிடுகிறது. நேரம் கைவசம் இருக்கும்போது மேல்நோக்கி அதிகம் செலவழிக்க வேண்டாம், அந்த வேகத்தில் ஒரு பகுதியை முன்னோக்கித் திருப்பிவிட்டால் லாபம்.

எவ்வளவு திருப்ப வேண்டும் என்பதற்கும் ஒரு சின்னச் சூத்திரம் இருக்கிறது:

```
tanθ = v / √(v² + 2gh)
```

நம் மாணவருக்கு இதைப் போட்டால் 40.3 டிகிரி வரும். இப்போது உயரத்தை 2 மீட்டரிலேயே நிறுத்திவிட்டு வேகத்தை மட்டும் மாற்றிப் பாருங்கள். விநாடிக்கு 2 மீட்டர் என்று மெதுவாகத் தட்டிவிட்டால் சிறந்த கோணம் வெறும் 17 டிகிரி. விநாடிக்கு 28 மீட்டர், அதாவது சம்மட்டி 80 மீட்டரைத் தாண்டிப் பறக்கும் வேகம், என்றால் 44.3 டிகிரி. வேகம் கூடக் கூட அந்த 2 மீட்டர் உயரம் அற்பமாகிவிடுகிறது, கோணம் 45-ஐ நெருங்குகிறது. அதனால் "விடுபடும் உயரம் அதிகமானால் சிறந்த கோணம் குறையும்" என்று மட்டும் எழுதி நிறுத்தாதீர்கள். வேகத்தோடு ஒப்பிடும்போது உயரம் எவ்வளவு பெரியது என்பதுதான் விஷயம்.

உயரத்தால் தூரத்துக்கு நேரடியாகவும் கொஞ்சம் லாபம் உண்டு. அதே வேகம், அதே 40 டிகிரி, ஆனால் 2.2 மீட்டரிலிருந்து விட்டால் 12.21 மீட்டர். 20 செ.மீ. உயரத்துக்கு 17 செ.மீ. தூரம். உயரமான எறிபவருக்கு இது ஒரு சாதகம்தான், ஆனால் பயிற்சியால் யாரும் உயரத்தைக் கூட்டிக்கொள்ள முடியாது. கையையும் காலையும் முழுவதும் நீட்டி விடுவதில் சில சென்டிமீட்டர் கிடைக்கும், அதோடு சரி.

நான்காம் படி: கோணமா, வேகமா?

வேகத்தை 10-லேயே நிறுத்திக் கோணத்தை மட்டும் மாற்றுவோம். 45 டிகிரியில் 11.92 மீட்டர், 40-இல் 12.04, 35-இல் 11.89. பத்து டிகிரி வித்தியாசம், ஆனால் தூரத்தில் வந்த மாற்றம் 15 செ.மீ. தான்! சிறந்த கோணத்தைச் சுற்றியுள்ள பகுதி அவ்வளவு தட்டையானது. இரண்டு மூன்று டிகிரி இங்கே அங்கே போனால் ஒன்றும் குடிமுழுகிப் போகாது.

இப்போது கோணத்தை 40-இல் நிறுத்தி வேகத்தை மட்டும் அரை மீட்டர் கூட்டுவோம். விநாடிக்கு 10.5 மீட்டர். தூரம் 13.10. வேகம் ஐந்து சதவீதம் கூடியதும் ஒரு மீட்டருக்கு மேல் கூடிவிட்டது, ஏனென்றால் தூரம் ஏறக்குறைய வேகத்தின் வர்க்கத்தோடு வளர்கிறது. 2023-இல் ரயன் கிரவுசர் 23.56 மீட்டர் எறிந்து உலக சாதனையைக் கூட்டினார் அல்லவா, அந்தத் தூரத்துக்கு விடுபடும் வேகம் விநாடிக்கு 14 மீட்டரைத் தாண்ட வேண்டும் என்று இதே சூத்திரம் சொல்கிறது. நம் மாணவரின் தூரத்தைப் போல் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு, வேகமோ ஒன்றரை மடங்குகூட இல்லை.

எது முக்கியம் என்று கேட்டால் வேகம் என்று தயங்காமல் எழுதுங்கள். ஆனால் அதோடு நிறுத்தினால் இந்தப் பாடத்தின் மிக அழகான பகுதியை விட்டுவிடுவீர்கள்.

ஐந்தாம் படி: கோணத்தைக் கூட்டினால் வேகம் குறைகிறது

மேலே செய்த கணக்கில் ஒரு குறை இருக்கிறது. எந்தக் கோணத்தில் எறிந்தாலும் ஒரே வேகம் வரும் என்று எடுத்துக்கொண்டோம். பீரங்கிக்கு அது சரி, மனித உடம்புக்குச் சரியில்லை. 45 டிகிரி விடையில் ஒளிந்திருக்கும் இரண்டாவது அனுமானம் இதுதான்.

காரணம் இரண்டு. குண்டைத் தள்ளும்போது உங்கள் விசையில் ஒரு பங்கு அதன் எடையைத் தாங்கவே போய்விடுகிறது. தள்ளும் திசை எவ்வளவு மேல்நோக்கி இருக்கிறதோ அந்தப் பங்கு அவ்வளவு அதிகம், முடுக்கத்துக்கு மிஞ்சுவது அவ்வளவு குறைவு. இரண்டாவது, உடம்பின் அமைப்பு. உடற்பயிற்சிக் கூடத்தில் பார்த்திருப்பீர்கள்: மல்லாந்து படுத்து நெஞ்சுக்கு மேல் தூக்கும் பெஞ்ச் பிரஸ்ஸில் ஒருவர் தூக்கும் எடையை, நின்றுகொண்டு தலைக்கு மேல் தூக்கும் ஷோல்டர் பிரஸ்ஸில் அவரால் தூக்க முடியாது. நெஞ்சுக்கு நேராக முன்னே தள்ளும்போது நெஞ்சுத் தசைகள் முழுதாக வேலை செய்கின்றன, கை மேலே போகப் போகத் தோள் தசைகளின் தலையில் சுமை ஏறுகிறது. குண்டு எறிபவரின் கையும் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் தள்ளுகிறது. கோணம் தாழ்ந்தால் பெஞ்ச் பிரஸ் பக்கம் போகிறது, அதாவது பலமான பக்கம்.

நம் மாணவருக்கு ஒவ்வொரு ஐந்து டிகிரிக்கும் வேகம் விநாடிக்கு 0.2 மீட்டர் மாறுகிறது என்று வைத்துக்கொள்வோம். இது எடுத்துக்காட்டுக்காக எடுத்த எண், ஆளுக்கு ஆள் இது வேறுபடும். 40 டிகிரியில் 10 என்றால் 45-இல் 9.8, 35-இல் 10.2, 30-இல் 10.4, 25-இல் 10.6. திரும்பத் தூரத்தைக் கணக்கிடுவோம்.

45 டிகிரியில் 11.50 மீட்டர். 40-இல் பழைய 12.04. 35-இல் 12.29. 30-இல் 12.26. 25-க்குப் போனால் 11.94 என்று இறங்கிவிடுகிறது. சிகரம் 40-இலிருந்து நகர்ந்து 32, 33 டிகிரி பக்கம் வந்துவிட்டது! உண்மையான எறிபவர்களிடம் அளந்த 31–38 எங்கிருந்து வருகிறது என்று இப்போது புரிகிறதா? 45-இலிருந்து 40-க்கு இறக்கியது உயரம். அங்கிருந்து முப்பதுகளுக்கு இறக்கியது வேக இழப்பு. இரண்டில் பெரிய இறக்கம் இரண்டாவதுதான், பல விடைத்தாள்களில் எழுதாமல் விடப்படுவதும் அதுதான்.

இன்னொன்றும் இதிலிருந்து வருகிறது. வேக இழப்பு ஆளுக்கு ஆள் வேறுபடுவதால் எல்லாருக்கும் பொதுவான ஒரே சிறந்த கோணம் என்று எதுவும் கிடையாது. நெஞ்சு பலமாகவும் தோள் பலவீனமாகவும் இருப்பவருக்குத் தாழ்ந்த கோணம் பொருந்தும், தோள் பலமானவருக்குக் கொஞ்சம் உயர்ந்தது. "குண்டு எறிதலின் சிறந்த கோணம் 37 டிகிரி" என்று ஒற்றை எண்ணாக எழுதுவதைவிட "பொதுவாக 31 முதல் 38, எறிபவரைப் பொறுத்து மாறும்" என்று எழுதிக் காரணத்தைச் சொல்வதே சரியான விடை.

ஆறாம் படி: மைதானத்தில் நீங்களே அளப்பது

இதற்கு விலை உயர்ந்த கருவி வேண்டாம், டேப்பும் கைப்பேசியும் போதும். எறிபவருக்கும் குண்டு விழும் இடத்துக்கும் நடுவில், நன்றாக ஒதுங்கி, பாதை முழுவதும் தெரியும்படி பக்கவாட்டில் நின்று ஸ்லோ மோஷனில் வீடியோ எடுங்கள். விரலை விட்ட ஃபிரேமிலிருந்து தரையைத் தொட்ட ஃபிரேம் வரை எண்ணினால் பறந்த நேரம் கிடைக்கும். ஸ்லோ மோஷன் வீடியோவை ஓட்டும்போது திரையில் காட்டும் நேரத்தை அப்படியே எடுக்கக் கூடாது, ஃபிரேம் எண்ணிக்கையைப் பதிவு வேகத்தால் வகுக்க வேண்டும்.

டேப் தூரத்தில் ஒரு திருத்தம் உண்டு. போட்டியில் தூரத்தைத் தடுப்புக் கட்டையின் உள்விளிம்பிலிருந்து அளக்கிறார்கள். ஆனால் கை விடும்போது குண்டு பெரும்பாலும் அந்த விளிம்பைத் தாண்டி முன்னே இருக்கும். டேப்பில் 12.24 மீட்டர், குண்டு விளிம்புக்கு 20 செ.மீ. முன்னே விடுபட்டது என்றால் உண்மையில் பறந்தது 12.04 மீட்டர்.

சரி, பறந்த நேரம் 1.57 விநாடி, விடுபட்ட உயரம் 2 மீட்டர் என்று வைப்போம். 12.04-ஐ 1.57-ஆல் வகுத்தால் முன்னோக்கிய வேகம் 7.67. மேல்நோக்கிய வேகத்துக்கு 4.9-ஐ நேரத்தின் வர்க்கத்தால் பெருக்குங்கள், 12.08 வரும்; அதிலிருந்து உயரம் 2-ஐக் கழித்தால் 10.08, அதை 1.57-ஆல் வகுத்தால் 6.42. 6.42-ஐ 7.67-ஆல் வகுத்தால் 0.837, அந்த டேன் மதிப்புக்கு உரிய கோணம் கிட்டத்தட்ட 40 டிகிரி. இரண்டு வேகங்களின் வர்க்கங்களைக் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் 10. நாம் தொடங்கிய எண்களே திரும்ப வந்துவிட்டன.

தயவுசெய்து நிறுத்துக் கடிகாரத்தைக் கையால் அழுத்தி இதைச் செய்யாதீர்கள். நேரத்தில் 0.2 விநாடி தவறினால் கோணம் 40-க்குப் பதில் 31 என்று காட்டும், அந்த எண்ணை நம்பி மாணவரின் நுட்பத்தையே மாற்றச் சொல்லிவிடுவோம். 0.02 விநாடி தவறினால் பிழை ஒரு டிகிரிதான். அதனால் விநாடிக்கு 120 ஃபிரேமாவது இருப்பது நல்லது. கணக்கில் 25-க்குக் கீழோ 45-க்கு மேலோ வந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது விடுபட்ட ஃபிரேமைச் சரியாகப் பிடித்தோமா என்பதை.

அளந்த பிறகு என்ன செய்வது? 42, 43 டிகிரி வந்து வேகமும் குறைவாக இருந்தால் வீடியோவில் விடும் கணத்தை நிறுத்திப் பாருங்கள். பெரும்பாலும் முதுகு பின்னால் சாய்ந்து, முகம் வானத்தைப் பார்த்திருக்கும், கால்கள் முழுதாக நீளும் முன்பே கை தள்ள ஆரம்பித்திருக்கும். "மேலே எறி" என்று யாராவது சொல்லிக்கொண்டே இருந்தால் இப்படித்தான் ஆகும். உயரம் கால்கள் தள்ளுவதிலிருந்து வர வேண்டும், முதுகு சாய்வதிலிருந்து அல்ல. மாறாகக் கோணம் 28, 29 என்று தாழ்ந்திருந்தால், இடுப்பு மடிந்து உடம்பு தடுப்புக் கட்டைக்கு மேல் முன்னே விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். அப்படி விழுந்தால் வேகமும் கூடியிருக்காது, கோணமும் போய்விடும், அநேகமாக ஃபவுலும் ஆகும். ஆனால் வேகம் நன்றாகக் கூடி, உடம்பும் நிமிர்ந்திருந்து, கோணம் மட்டும் 31 என்றால் அதைத் தொடாதீர்கள். அது அவருடைய கோணம்.

மற்ற எறிதல்களில் என்ன மாறும்

சம்மட்டியில் வேகம் சுழற்சிகளிலேயே சேர்ந்துவிடுகிறது, கடைசித் தள்ளலில் தசையின் திசை குண்டு எறிதலைப் போல் வேகத்தைத் தின்பதில்லை. அதனால் எறிதல்களிலேயே 45-ஐ அதிகம் நெருங்குவது அதுதான், 40-ஐ ஒட்டி வரும்.

வட்டிலும் ஈட்டியிலும் நான்காவதாக ஒரு விஷயம் சேர்கிறது: பொருள் எந்தத் திசையில் கிளம்புகிறது என்பதோடு, அது எந்தச் சாய்வில் காற்றைச் சந்திக்கிறது என்பது. ஈட்டியின் ஈர்ப்பு மையம் 35 டிகிரியில் கிளம்பலாம், ஆனால் ஈட்டியின் முனை 40 டிகிரியை நோக்கி இருக்கலாம். 35 விடுபடும் கோணம், இரண்டுக்கும் உள்ள 5 டிகிரி வித்தியாசம் தாக்குகோணம். தேர்வில் மிக அதிகமாகக் குழப்பப்படும் இரண்டு சொற்கள் இவை. வீடியோவில் ஈட்டியின் சாய்வை அளந்து அதையே விடுபடும் கோணம் என்று எழுதினால் தவறு, ஈர்ப்பு மையம் நகர்ந்த பாதையைத்தான் அளக்க வேண்டும்.

காற்று எவ்வளவு வேலை செய்கிறது என்பதற்கு ஈட்டியின் வரலாறே சான்று. 1984-இல் உவே ஹோன் 104.80 மீட்டர் எறிந்தார். ஈட்டி மைதானத்துக்குள் அடங்காமல் போகும் ஆபத்தும், அது தட்டையாக விழுந்து முனை குத்தியதா என்ற தகராறும் சேர்ந்து, 1986-இல் ஆண்களின் ஈட்டியில் ஈர்ப்பு மையத்தை 4 செ.மீ. முன்னே நகர்த்திவிட்டார்கள். முனை சீக்கிரமே கீழே கவிழத் தொடங்கியது, தூரம் குறைந்தது. குண்டில் இப்படி எந்த மாற்றமும் எடுபடாது, அது உருண்டை. கையை விட்ட கணத்தில் இருந்த வேகம், கோணம், உயரம் மூன்றும்தான் அதன் கணக்கு.